‘100 பேர் தாராளமா உட்காரலாம் சார்!’

சென்னையில் ஒரு நிறுவனம் டிசம்பர் மாதம் 40 ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தவிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதவளத் துறைக்காரர் ஒரு ஹோட்டலுக்கு போன் போட்டு, “உங்க ஹால்ல எத்தனை பேர் உட்காரலாம்?” என்கிறார். “100 பேர் தாராளமா உட்காரலாம் சார்” என்று பதில் வருகிறது. 40 பேருக்கு இது தாராளம்தானே?

இல்லை. அந்த 100 என்பது சினிமா தியேட்டர் போல மேஜை இல்லாமல் நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் வரும் கணக்கு. அப்படிப் போட்டால் ஒருவருக்குச் சுமார் 10 சதுர அடி போதும். ஹாலின் பரப்பு 1,000 சதுர அடி இருக்கலாம். பயிற்சிக்கு வருகிறவர்களோ எழுத வேண்டும், குழுவாகப் பேச வேண்டும். ஐந்து ஐந்து பேராக வட்ட மேஜையைச் சுற்றி, யாரும் திரைக்கு முதுகு காட்டாமல் உட்கார வைத்தால் ஒருவருக்கு 20 முதல் 25 சதுர அடி பிடிக்கும். 40 பேருக்கே ஹால் நிறைந்துவிடும். நடுவில் ஒரு தூண் இருந்தால் இன்னும் சிக்கல். ஆகவே, “எட்டு வட்ட மேஜை, மேஜைக்கு ஐந்து பேர். பயிற்சியாளர் நடுவே நடந்துபோக இடம் இருக்குமா?” என்று கேட்பதே சரியான விசாரணை.

புரொஜக்டர் இருக்கிறதா என்றால் எல்லா ஹாலிலும் இருக்கிறது என்பார்கள். பகல் 11 மணிக்கு, விளக்குகள் எரிய, திரையில் எழுத்து தெரிகிறதா என்பதுதான் விஷயம். இதைப் போனில் தெரிந்துகொள்ள முடியாது; பயிற்சியாளரின் லேப்டாப்பையே எடுத்துப்போய் மாட்டிப் பார்க்க வேண்டும். புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளையே இல்லாமல் போகும், ஹோட்டலிடம் அடாப்டரும் இருக்காது. கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. காலர் மைக், ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பலர் கேட்கக் கூச்சப்படுவது ரத்து விதியைத்தான். தேதி நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடுவதுதான் வழக்கம். வாடகை 60,000 ரூபாய், ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் பாதி பிடித்தம் என்றால், 30,000 போய்விடும். சாப்பாட்டோடு சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் இன்னொன்றும் உண்டு: 40 பேருக்கு உறுதி கொடுத்துவிட்டு 31 பேர் வந்தாலும் 40 பேருக்குத்தான் பில். எண்ணிக்கையைக் குறைக்கக் கடைசி நாள் எது என்று கேட்பது அதனால்தான்.

டிசம்பர் என்பதால் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியபோது அரசே விடுமுறை அறிவித்தது. அப்படியொரு நாள் வந்தால் பணம் திரும்புமா, அல்லது வேறு தேதிக்கு மாறுமா? “பார்த்துக்கலாம் சார்” என்ற பதில் செல்லாது. மேஜை அமைப்பு, உபகரணங்கள், ரத்து விதி மூன்றும் எழுதிய மெயில் வந்த பிறகே அட்வான்ஸை அனுப்புங்கள்.