ராத்திரி வியர்வை, குறையும் எடை: டாக்டர் எதையெல்லாம் யோசிப்பார்?

மே மாசம், ஹாஸ்டல் ரூம், மேலே கிறீச் கிறீச்சென்று சுத்துற ஒரு ஃபேன். இதில் வியர்க்காமல் யாருக்குத்தான் இருக்கும்? அதனால் முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். டாக்டர்கள் 'இரவு வியர்வை' என்று சொல்வது இந்தப் புழுக்கத்தை அல்ல. பனியனையோ பெட்ஷீட்டையோ மாற்றியே ஆக வேண்டும் என்கிற அளவுக்கு நனைவதைத்தான் சொல்கிறார்கள். அதே ஃபேனுக்குக் கீழே பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் காய்ந்த சட்டையோடு தூங்குகிறான், நீங்கள் மட்டும் தொப்பலாக நனைந்து எழுகிறீர்கள், அதுவும் வாரக்கணக்கில் என்றால் காரணம் ரூமில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது.

இதோடு டயட், ஜிம் எதுவும் இல்லாமல் எடையும் குறைந்தால்தான் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் தானாகக் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 3 கிலோ.

இந்த இரண்டும் ஏன் ஜோடியாக வருகின்றன? நமக்குப் பழக்கமான தெர்மோஸ்டாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடல் வெப்பத்துக்கு ஒரு செட் பாயிண்ட் வைத்திருக்கிறது. கிருமியோடு சண்டை போடும் ரத்த அணுக்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களை வெளியிடும்போது அந்த செட் பாயிண்ட் மேலே போகிறது, காய்ச்சல் வருகிறது. நம் உடல் வெப்பம் இயல்பாகவே மாலையில் ஏறி, இரவில் இறங்கும். ஏறிய செட் பாயிண்ட் இரவில் இறங்கும்போது உடம்பு கூடுதல் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். அதற்கு அதனிடம் இருக்கும் வழி வியர்வை. அதே சைட்டோகைன்கள் பசியைக் குறைத்து, தசையையும் கரைக்கின்றன. அவற்றில் ஒன்றான டிஎன்எஃப்-க்கு ஒரு காலத்தில் 'உடலை உருக்குவது' என்ற பொருளில் கேக்கெக்டின் என்றே பெயர் இருந்தது.

ஆனால் எந்த நோய் அந்த சைட்டோகைனைக் கிளப்பியது என்று வியர்வையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு, ஒரு கற்பனை மாணவரை எடுத்துக்குவோம். பெயர் கார்த்தி, மூன்றாம் வருடம் மெக்கானிக்கல். மூன்று மாதத்தில் 62 கிலோவிலிருந்து 56-க்கு வந்துவிட்டான். அதாவது கிட்டத்தட்ட 10 சதவீதம். சாயங்காலம் லேசான காய்ச்சல், இருமல் இல்லை. "மெஸ் சாப்பாடுதான்டா காரணம்"னு ரூம்மேட் தீர்ப்பு சொல்லிட்டான். மெடிக்கல் ஷாப்பில் லீவோஃப்ளாக்சசின் மாத்திரை வாங்கிப் போட்டான். கொஞ்சம் தேவலை ஆச்சு. இரண்டு வாரத்தில் காய்ச்சல் திரும்பவும் வந்தது.

டாக்டர் முதலில் கேட்டது பசியைப் பற்றி. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தால் சந்தேகம் தைராய்டு அதிகமாகச் சுரப்பது, அல்லது சர்க்கரை நோய். தைராய்டு என்றால் பகலிலும் வியர்க்கும், கை நடுங்கும், இதயம் படபடக்கும். சர்க்கரை என்றால் தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருக்கும். கார்த்திக்குப் பசியே இல்லை. அப்படியானால் தொற்றும் ரத்தப் புற்றுநோய் வகைகளும் முன்னுக்கு வருகின்றன. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்றும் கேட்டார். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் இரவில் வியர்க்கும்.

நம் நாட்டில் இந்தப் பட்டியலில் முதலில் நிற்பது டிபி எனும் காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை ஆகிய நாலும்தான் டிபியைச் சல்லடை போடக் கேட்கும் கேள்விகள். கூடவே எச்ஐவி பரிசோதனையும் உண்டு. அது யாருடைய நடத்தை மீதும் சந்தேகம் அல்ல. எச்ஐவி தனியாகவும் இதே அறிகுறிகளைத் தரும், டிபியோடு சேர்ந்தும் வரும்.

கார்த்திக்கு மார்பு எக்ஸ்ரே சுத்தம். சர்க்கரை, தைராய்டு நார்மல், எச்ஐவி இல்லை. ஈஎஸ்ஆர் மட்டும் 70. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. துப்பு கிடைத்தது டாக்டரின் விரலில். இடது காறை எலும்புக்கு மேலே 2 செ.மீ. அளவில், வலியே இல்லாத ஒரு நெறிக்கட்டி. வலி இல்லாததால் அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. நெறிக்கட்டியில் வரும் டிபியும் இப்படித்தான் இருக்கும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் இப்படித்தான் இருக்கும். அதில் ஹாட்ஜ்கின் வகை நம் வயதுக்காரர்களுக்கே அதிகம் வருவது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நனைக்கும் வியர்வை, ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைவு என்ற மூன்றுக்கும் லிம்ஃபோமாவில் 'பி அறிகுறிகள்' என்று தனிப் பெயரே உண்டு. கையால் தொட்டுப் பார்த்து இதையும் அதையும் பிரிக்க முடியாது. கட்டியை எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுதான் பயாப்ஸி.

அதிலும் ஒரு நுணுக்கம். எடுத்த திசுவில் ஒரு பகுதி ஃபார்மலினில் போகும், நுண்ணோக்கியில் செல்களைப் பார்க்க. இன்னொரு பகுதி சலைனில் போக வேண்டும், சிபிநாட் சோதனைக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கவும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது.

கார்த்தியின் ரிப்போர்ட்டில் டிபியில் காணப்படும் வகை கிரானுலோமாக்கள் இருந்தன. சிபிநாட்டிலும் டிபி கிருமி உறுதி, ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு இல்லை. ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். நுரையீரலில் நோய் இல்லாததால் ரூம்மேட்டுக்குத் தொற்றாது, ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டாம். சிகிச்சையின் நடுவே கட்டி கொஞ்சம் பெரிதாகலாம் என்றும் டாக்டர் முன்பே சொல்லி அனுப்பினார். அதைப் பார்த்து "மருந்து வேலை செய்யலை"ன்னு நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது, போய்க் காட்டணும். ரிப்போர்ட்டில் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் இருந்திருந்தால் அது ஹாட்ஜ்கின். சிகிச்சை முற்றிலும் வேறு. ஆனால் அதிலும் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள்.

இப்போது அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு வருவோம். லீவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். நோய் போனது போலத் தெரியும், சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் விடலாம். ஸ்டீராய்டு கலந்து வாங்கினால் இன்னும் மோசம். லிம்ஃபோமா கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியே குழப்பமாகிவிடும். ப்ரோக்ராமில் பிழையைத் தேடாமல் எர்ரர் மெசேஜை மட்டும் அணைத்துவிடுவது மாதிரிதான் இது.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நனைந்து எழுந்தால், வாரம் ஒருமுறை ஒரே எடை மெஷினில் ஏறிக் குறித்து வையுங்கள். சாயங்காலம் தெர்மாமீட்டர் வைத்து அதையும் எழுதுங்கள். கழுத்து, அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். எதையாவது மாத்திரை ஏற்கெனவே போட்டிருந்தால், திட்டு விழும்னு பயந்து மறைக்காதீங்க. டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டிய தகவலே அதுதான்.