செய்முறைப் பகுதியைத் திருத்துவது: ஒரு தேன் ஆய்வறிக்கையை வைத்து

புதுச்சேரியில் மகரந்தத்தூள் ஆய்வு என்றால் செயின்ட் லூயிஸ் வீதியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம்தான் நினைவுக்கு வரும். 1955ல் தொடங்கிய நிறுவனம். அதன் மகரந்த ஆய்வகத்தைக் கணபதி தணிகைமணி பல ஆண்டுகள் நடத்தினார். கண்ணாடிச் சில்லுகளில் பதித்த மகரந்தங்களின் பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது. புதிதாக ஒரு தேனில் கிடைத்த மகரந்தத்தை அப்படிப்பட்ட தொகுப்போடு ஒப்பிட வேண்டும் என்றால், அந்தத் தேனை எப்படிப் பதப்படுத்தினோம் என்பது தெரிந்தாக வேண்டும். பதப்படுத்தும் விதத்தைப் பொறுத்தும், பதிக்கும் ஊடகத்தைப் பொறுத்தும் மகரந்தத்தின் அளவே மாறும். கிளிசரின் ஜெல்லியில் பதித்தால் நாளாவட்டத்தில் உப்பும். ஆகவே அறிக்கையின் செய்முறைப் பகுதியில் ஒரு வினைச்சொல் பிசகினாலும் ஒரு எண் விட்டுப் போனாலும், பின்னால் ஒப்பிடுகிறவர் தடுமாறுவார்.

இந்தப் பகுதியை எப்படி மெய்ப்புப் பார்ப்பது என்று ஒரு மாதிரி வரைவை வைத்தே பார்க்கலாம். மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறவற்றைச் சேர்த்து நான் எழுதியது. நான்கு தேன் மாதிரிகளை ஆராய்ந்ததாக வைத்துக்கொள்வோம்.

1. 10 கிராம் தேன் 20 மி.லி. வெந்நீரில் கரைக்கப்படுகிறது.
2. கரைசலை 3000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினோம்.
3. படிவு தண்ணீரால் கழுவப்பட்டது.
4. அசெட்டிக் அன்ஹைட்ரைடையும் அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தையும் 9:1 விகிதத்தில் கலந்து 10 மி.லி. தயாரிக்கவும்.
5. நான்கு குழாய்களிலும் தலா 5 மி.லி. சேர்க்கப்பட்டது.
6. குழாய்கள் கொதிநீரில் சிறிது நேரம் வைக்கப்பட்டது.

முதலில் காலம். ஆறு வாக்கியத்தில் ஒன்று நிகழ்காலம், ஒன்று ஏவல், மீதி இறந்தகாலம். செய்து முடித்த வேலைக்கு இறந்தகாலம்தான் வழக்கம் என்பதால் "கரைக்கப்படுகிறது" என்பதைக் "கரைக்கப்பட்டது" என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். இங்கேதான் நிதானிக்கணும். அந்த நிகழ்காலம் எங்கிருந்து வந்தது? தேன் மகரந்த ஆய்வுக்கு லூவோ, மௌரிசியோ, வோர்வோல் மூவரும் 1978ல் வெளியிட்ட முறைதான் பலரும் பின்பற்றுவது. 10 கிராம் தேன், 20 மி.லி. சூடான நீர், ஆனால் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. முறையைச் சொல்லும் நூல்கள் நிகழ்காலத்திலோ ஏவலிலோதான் பேசும். மாணவர் அதிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார். அவர் உண்மையிலேயே 10 கிராம் எடுத்தாரா என்பது அந்த வாக்கியத்திலிருந்து தெரியவே தெரியாது. காலம் மாறுகிற இடம் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்திலிருந்து எழுதாமல் நூலிலிருந்து எழுதிய இடம். வினையை மட்டும் மாற்றிவிட்டால், சந்தேகத்துக்குரிய ஒரு வாக்கியத்தை நடந்த செய்தியாக நாமே ஆக்கிவிடுகிறோம். முதலில் நோட்டு, பிறகு வினை.

இந்த இடங்களைத் தேட ஒரு வரிக் கட்டளை போதும்:

```
grep -nE 'கிறது|கின்றன|வும்|ேன்|ோம்' murai.txt
```

மேலுள்ள வரைவை ஓட்டினால் 1, 2, 4 ஆகிய வரிகள் வரும். ஒரு வேடிக்கை, "ேன்" என்பது "செய்தேன்" மட்டுமல்ல, "தேன்" என்ற சொல்லிலும் இருக்கிறது. இந்த அறிக்கையில் பாதி வரிகள் அதனாலேயே மாட்டும். "வும்" என்பதும் "மிகவும்", "படிவும்" என்று பொய்யாகச் சிக்கும். கண்ணால் பார்த்துத்தான் கழிக்கணும். நிகழ்காலம் எல்லாமே தப்பும் இல்லை. "சில்லுகள் ஆய்வகத்தில் உள்ளன", "படம் 2 காட்டுகிறது" ஆகியவை இப்போதும் உண்மை, அவற்றை விட்டுவிடலாம்.

அடுத்து செயப்பாட்டு வினை. தமிழில் "படு" சேர்த்து எழுதுவது பலருக்குச் செயற்கையாகப் படும். எனக்கும்தான். "கரைத்தோம்" என்று எழுதினாலும் அறிக்கை கெட்டுப்போகாது. கல்லூரி எதைக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்கணும், அவ்வளவுதான். நடுவில் மட்டும் "சுழற்றினோம்" என்று வந்தால், மற்றதை வேறு யாரோ செய்தார்களோ என்று படிக்கிறவர் யோசிப்பார். உண்மையிலேயே வேறொருவர் செய்திருந்தால் அதை வெளிப்படையாக எழுதிவிடலாம். எண்ணிக்கை ஒருமை பன்மையும் பார்க்கணும்: ஆறாவது வரியில் குழாய்கள் "வைக்கப்பட்டன".

செயப்பாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் நான்காவது வரியில் ஒளிந்திருக்கிறது. "அன்ஹைட்ரைடையும் அமிலத்தையும் கலந்து" என்றால் எதில் எதை ஊற்றினார்கள்? அன்ஹைட்ரைடில் அமிலத்தைத் துளித்துளியாக விடணும், தலைகீழாகக் கூடாது. "உம்" வரிசையை மறைத்துவிடும். வேற்றுமை உருபு காட்டிக்கொடுக்கும். "அன்ஹைட்ரைடில் அமிலம் சேர்க்கப்பட்டது" என்று எழுதினால் குழப்பமே இல்லை.

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கலவை தண்ணீரோடு கடுமையாக வினைபுரியும். அதனால் தண்ணீரில் கழுவிய படிவை அடுத்து நீர் கலக்காத கிளேஷியல் அசெட்டிக் அமிலத்தால் கழுவி, ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் கலவையை ஊற்றுவார்கள். மாணவர் அதைச் செய்துவிட்டு எழுத மறந்தாரா, செய்யவே இல்லையா? மெய்ப்புப் பார்க்கிறவர் தானாக ஒரு வாக்கியத்தை நுழைக்கக்கூடாது. ஓரத்தில் கேள்வி போடணும்.

இனி அளவுகள். இதற்கு வேதியியல்கூடத் தேவையில்லை, கூட்டல் பெருக்கல் போதும். தயாரித்தது 10 மி.லி. நான்கு குழாய்க்கும் தலா 5 என்றால் 20 மி.லி. வேண்டும். இரண்டில் ஒன்று பொய். விகிதம் சரியாக எழுதியிருப்பதால் கண் இதைத் தாண்டிப் போய்விடும். நோட்டில் "18 + 2" என்று இருந்தால் விஷயம் தீர்ந்தது. முதல் வரியின் 10 கிராமும் அப்படித்தான்: மொத்தமா, ஒவ்வொரு மாதிரிக்குமா? "தலா" என்ற ஒரு சொல் வேணும். தராசு 10.0 காட்டியிருந்தால் 10.0 என்றே எழுதணும், அழகுக்காக 10.00 ஆக்கினால் இல்லாத துல்லியத்தைச் சொன்னதாகும். 40 டிகிரி நீரை "வெந்நீர்" என்பதும் சரியில்லை, நம் வீட்டில் வெந்நீர் அதைவிடச் சூடு. "சிறிது நேரம்" என்பது அளவே இல்லை.

சுற்று வேகம் பார்வைக்குத் துல்லியமாகத் தெரியும், ஆனால் பாதித் தகவல்தான். படிவின் மேல் விழும் விசை, சுழல்தலையின் ஆரத்தையும் பொறுத்தது:

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × rpm²
```

ஆரம் 10 செ.மீ. என்றால் 3000 சுற்றில் ஏறக்குறைய 1006 g. 16 செ.மீ. என்றால் 1610 g. ஒரே "3000", இரண்டு வேறு சோதனைகள்.

நோட்டைப் பார்த்து, மாணவரைக் கேட்டு முடித்தபின் பகுதி இப்படி நிற்கும்:

ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் தலா 10.0 கிராம் தேன், 40 டிகிரி செல்சியஸில் இருந்த 20 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைக்கப்பட்டது. கரைசல்கள் 3000 சுற்று வேகத்தில் (ஆரம் ?) 10 நிமிடம் சுழற்றப்பட்டன. படிவுகள் நீராலும், பின்னர் கிளேஷியல் அசெட்டிக் அமிலத்தாலும் கழுவப்பட்டன. 18 மி.லி. அசெட்டிக் அன்ஹைட்ரைடில் 2 மி.லி. அடர் சல்ஃப்யூரிக் அமிலம் துளித்துளியாகச் சேர்க்கப்பட்டது. இக்கலவை நான்கு குழாய்களிலும் தலா 5 மி.லி. ஊற்றப்பட்டது. குழாய்கள் கொதிநீரில் 3 நிமிடம் வைக்கப்பட்டன.

அந்தக் கேள்விக்குறியை அப்படியே மஞ்சள் பூசி விட்டிருக்கிறேன். சென்ட்ரிஃப்யூஜ் மூடியைத் திறந்து, அச்சிலிருந்து குழாயின் அடிவரை அளவுகோல் வைத்து அளந்தால் ஆரம் கிடைத்துவிடும்.