87ஆம் வரிசையில் ஒரு பெயர்

கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படியெடுத்துக் கொடுங்கள் என்று இன்று பல அலுவலகங்கள் கேட்கின்றன. ஊதியம், ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை என எது வழங்கப்பட வேண்டுமானாலும் அந்தப் பக்கமே ஆதாரம். நூற்றுக்கணக்கானோரின் பக்கங்கள் சேரும்போது அவற்றை யாரும் கையால் தட்டச்சு செய்வதில்லை. எழுத்துணரி மென்பொருள் அவற்றைப் படித்து, பெயர், கணக்கு எண், கிளைக் குறியீடு ஆகியவற்றைப் பிரித்து ஓர் அட்டவணையாகத் தந்துவிடுகிறது. அந்த அட்டவணையில் ஒரு பெயர் பிழையாக வந்துவிட்டால், அதை வங்கிக்கு எவ்வாறு எழுதித் தெரிவிப்பது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

பீகாரில் நான் பணியாற்றிய கிளைக்கு ஒரு நகராட்சி அலுவலகத்திலிருந்து அப்படியொரு கடிதம் வந்தது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் 212 பேரின் கணக்குப் புத்தகப் பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்ட அட்டவணையைச் சரிபார்ப்பதற்காகக் கிளை அங்கே அனுப்பியிருந்தது. பதில் எழுதியவர் அங்குள்ள எழுத்தர். இந்தியில் இருந்த அக்கடிதத்தின் சாரத்தைப் பெயர்களையும் எண்களையும் மாற்றித் தருகிறேன்.

“கிளை மேலாளர் அவர்களுக்கு வணக்கம். தாங்கள் அனுப்பிய அட்டவணையின் 87ஆம் வரிசையில், 4416 என முடியும் கணக்கிற்கு உரியவரின் பெயர் HEENA DEVI என்று உள்ளது. கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சாகியிருப்பது MEENA DEVI. கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். அதில் வேறுபாடு இல்லை. அதே பக்கத்தின் முகவரியில் MOHANPUR என்று இருப்பது அட்டவணையில் HOHANPUR என்று வந்திருக்கிறது. ஆகவே, இது படிப்பதில் நேர்ந்த பிழை என்று கருதுகிறேன். அட்டவணையை மட்டும் திருத்தித் தரக் கேட்டுக்கொள்கிறேன். வங்கியிலுள்ள கணக்கில் எந்த மாற்றமும் கோரவில்லை. கணக்குதாரரை அழைக்கவும் வேண்டியதில்லை. பக்கத்தின் படி இணைக்கப்பட்டுள்ளது.”

இவ்வளவுதான் கடிதம். வங்கியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தனை தெளிவான கடிதம் அரிதாகவே வரும்.

அதன் சிறப்பு, பிழை எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னதில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது: வங்கியின் மையக் கணினிப் பதிவில், அதிலிருந்து அச்சான கணக்குப் புத்தகத்தில், புத்தகத்தைப் படித்து எடுத்த அட்டவணையில். மூன்றாவது இடத்தில் மட்டும் பிழை என்றால், கிளை ஊழியர் கணக்கு எண்ணைத் திரையில் இட்டுப் பெயரைப் பார்த்து, அட்டவணையில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும். மையப் பதிவிலேயே பிழை என்றால் நடைமுறை முற்றிலும் வேறு. அப்போது கணக்குதாரர் தாமே விண்ணப்பம் எழுதி, அடையாள ஆவணங்களுடன் கிளைக்கு வர வேண்டும். அவருக்காக வேறொருவர் கேட்டால் வங்கி செய்யாது, செய்யவும் கூடாது.

அந்த எழுத்தர் வெறுமனே “87ஆம் வரிசையில் பெயர் தவறு, திருத்தவும்” என்று எழுதியிருந்தால், கிளையில் அது பெயர் மாற்றக் கோரிக்கை என்று கொள்ளப்பட்டிருக்கும். மீனா தேவி ஒரு நாள் கூலியை இழந்து, ஆதார் அட்டையும் புகைப்படமுமாக வரிசையில் நின்றிருப்பார், தம் கணக்கில் ஏற்கெனவே சரியாக உள்ள பெயரைச் சரிசெய்வதற்காக!

M எவ்வாறு H ஆகிறது? கணக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் புள்ளிகளால் எழுத்தமைக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் அச்சாகின்றன. M, H இரண்டுக்கும் இருபுறமும் நேர்க்கோடுகள் உண்டு. வேறுபாடு நடுவில் உள்ள சில புள்ளிகளில் மட்டுமே. மை நாடா தேய்ந்திருந்தாலோ, மை பரவியிருந்தாலோ, M-இன் சாய்கோடுகள் மென்பொருளுக்கு ஒரு குறுக்குக் கோடாகத் தெரியும். கிளையின் முத்திரை பெயரின் மேல் விழுந்திருந்தால் இன்னும் மோசம்.

பிற விவரங்களில் இத்தகைய பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கிளையைக் குறிக்கும் ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டில் 11 இடங்கள். முதல் நான்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம். மென்பொருள் அந்தச் சுழியத்தை O என்ற எழுத்தாகப் படித்துவிட்டாலும், விதியை அறிந்த கணினி அதைத் தானே திருத்திவிடும். பெயருக்கு அப்படி ஒரு விதி இல்லை. HANJU என்று வந்தால் மனிதக் கண்ணாவது “மஞ்சுவாக இருக்குமோ” என்று தயங்கும். ஹீனா என்பதோ வழக்கில் உள்ள நல்ல பெயர். யாரும் ஐயுற மாட்டார்கள். பொருளற்ற பிழையைவிடப் பொருளுள்ள பிழைதான் அதிக நாள் ஒளிந்திருக்கும்.

“கணக்கு எண் சரியாக இருக்கும்போது பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் பெறுபவரின் வங்கி, கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் அறிவுறுத்தியது. எனவே மீனா தேவியின் ஊதியம் பெரும்பாலும் அவரிடமே சேர்ந்திருக்கும். ஆனால் அட்டவணை அத்துடன் நிற்பதில்லை. நகராட்சியின் ஊதியப் பதிவேடு அதிலிருந்து உருவாகும். வருங்கால வைப்பு நிதிக்கான பெயரும் அதிலிருந்தே போகக்கூடும். அங்கே ஹீனா என்று பதிந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்துப் பணத்தை எடுக்கும் நாளில் ஆதாரில் உள்ள பெயருடன் அது பொருந்தாது. அன்று அந்த ஓர் எழுத்தின் கதையைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

முகவரியைச் சான்றாகக் காட்டியதும் கவனிக்கத்தக்கது. ஒரே பக்கத்தில் இரண்டு இடங்களில் M, H ஆகியிருப்பதால், வேறொருவரின் பக்கம் கலந்துவிட்டதோ என்ற ஐயம் மிகவும் குறைகிறது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதியதும் முறையே. வரிசை எண் இருக்கும்போது முழு எண் கடிதத்தில் தேவையில்லை.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். புத்தகத்தில் MEENA என்றும் ஆதாரில் MINA என்றும் இருந்தால் அது படித்தலின் பிழையன்று, எழுத்துக்கூட்டலின் வேறுபாடு. அதை அட்டவணையில் திருத்தினால் புதிய பிழைதான் பிறக்கும். அதற்குக் கணக்குதாரரே முன்வந்து ஏதேனும் ஓர் ஆவணத்தை மாற்ற வேண்டும். அட்டவணையைச் சரிபார்ப்பவரின் வேலை, தாளில் இருப்பது அப்படியே வந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே.

கடிதம் வந்த அன்றே கிளையில் மையப் பதிவைப் பார்த்தார்கள். மீனா தேவி என்றே இருந்தது. ஒருவர் திருத்த, மற்றொருவர் சரிபார்த்தார். பிறகு H-இல் தொடங்கும் பெயர்கள் அனைத்தையும் தனியே பிரித்துப் பார்த்தபோது மேலும் இரண்டு அகப்பட்டன. ஒன்று HANJU. மற்றொன்று HIRA DEVI. அவர் உண்மையில் மீரா தேவி. மூன்று பக்கங்களிலும் ஒரே வகையான மங்கல் அச்சு. அவற்றை மீண்டும் தெளிவாகப் படியெடுத்து, திருத்திய அட்டவணையுடன் நகராட்சிக்கு அனுப்பினார்கள். உடன் சென்ற பதிலில், திருத்தப்பட்ட மூன்று வரிசை எண்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: “கணக்குகளில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை.”