தராசு 25 என்கிறது, டெக்ஸா 32 என்கிறது

45 வயது ஆண் ஒருவர். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. வீட்டில் உள்ள டிஜிட்டல் தராசில் வெறுங்காலோடு ஏறி நின்றால் உடல் கொழுப்பு 25 சதவீதம் என்று கைப்பேசி செயலி காட்டுகிறது. அதே வாரம் ஸ்கேன் மையத்தில் முழு உடல் டெக்ஸா எடுக்கிறார். அறிக்கையில் 32 சதவீதம் என்று வருகிறது. கிலோவில் பார்த்தால் தராசின் கணக்கில் அவர் உடம்பில் 17.5 கிலோ கொழுப்பு. டெக்ஸாவின் கணக்கில் 22.4 கிலோ. ஐந்து கிலோ கொழுப்பு ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

இது விளக்குவதற்காக நான் போட்டுக்கொண்ட கணக்குதான். ஆனால் இரண்டு அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படிப்பட்ட இடைவெளியைத்தான் பார்க்கிறார்கள். தராசு பழுதாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள், ஸ்கேன் மையம் தவறு செய்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே அதனதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். அவை அளப்பது வெவ்வேறு பொருட்களை.

தராசு கொழுப்பை அளப்பதே இல்லை. அது அளப்பது இரண்டை மட்டும்: எடை, பிறகு மின்தடை. கால் வைக்கும் இடத்தில் உள்ள உலோகத் தகடுகள் வழியாக, நாம் உணரவே முடியாத அளவு சிறிய மாறுமின்னோட்டம் ஒரு பாதத்தில் ஏறி மறு பாதத்தில் இறங்குகிறது. தசையில் தண்ணீரும் உப்பும் நிறைய இருப்பதால் மின்சாரம் அதில் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதனால் தடை அதிகம். பாதத்திலிருந்து பாதம் வரை வயது வந்தவருக்குச் சுமார் 500 ஓம் தடை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 500 ஓமை வைத்துக்கொண்டு 17.5 கிலோவுக்கு எப்படிப் போகிறது? உயரத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கிறது. அதோடு எடை, வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சமன்பாட்டில் போடுகிறது. கொழுப்பு நீங்கலான உடல் எடை அதில் கிடைக்கிறது. மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மீதி கொழுப்பு. சமன்பாட்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை, ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தை நல்ல கருவியில் அளந்து, அதோடு பொருத்திப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். எந்தக் கூட்டம் என்பது பெரும்பாலான பெட்டிகளில் எழுதியிருக்காது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செயலியில் உங்கள் வயதைப் பத்து ஆண்டு கூட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஏறி நில்லுங்கள். விளையாட்டு வீரர் என்ற தேர்வு இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். உடம்பில் எதுவும் மாறாமலே கொழுப்புச் சதவீதம் நகரும். வீரர் தேர்வில் பல புள்ளிகள் சரியும். எலும்பின் எடை என்று செயலி காட்டும் எண்ணும் இப்படி ஊகித்து எழுதியதுதான். எலும்பின் தாது அளவைத் தராசு பார்க்கவே இல்லை.

ஐந்து கிலோ எங்கே போனது என்பதற்கான பெரிய காரணம் மின்சாரம் போகும் வழியில் இருக்கிறது. மெல்லிய குழாயில் தண்ணீர் போக அதிகத் தடை இருப்பதுபோல, நீளமும் மெலிவுமான கைகால்களில்தான் உடலின் மின்தடையில் பெரும்பகுதி இருக்கிறது. நெஞ்சும் வயிறும் சேர்ந்த நடு உடம்பு எடையில் ஏறக்குறைய பாதி. ஆனால் கையிலிருந்து கால் வரை அளந்தால்கூட அதன் பங்கு மொத்தத் தடையில் பத்து சதவீதம் அளவுதான். பாதத்திலிருந்து பாதத்துக்குப் போகும் மின்சாரம் ஒரு காலில் ஏறி, இடுப்பைக் கடந்து, மறுகாலில் இறங்கிவிடுகிறது. தொப்புளுக்கு மேல் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பகுதியைச் சமன்பாடு ஊகித்துக்கொள்கிறது.

நம் ஊரில் மெல்லிய கால்களும் முன்தள்ளிய வயிறுமாக இருக்கும் ஆண்கள் ஏராளம். அப்படிப்பட்டவருக்குத் தராசு கொழுப்பைக் குறைத்துக் காட்டுவது வழக்கம். இந்திய உடல்வாகு பற்றி மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஓர் எடுத்துக்காட்டு 2004-இல் லான்செட் இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ ஒன்றே, சுமார் 22. டெக்ஸாவில் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். உயரத்தையும் எடையையும் பெரிதாக நம்பும் எந்தச் சமன்பாடும், ஐரோப்பிய உடம்பை வைத்து உருவாக்கியதாக இருந்தால், நம்மவர்களிடம் எந்தப் பக்கம் பிசகும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

டெக்ஸா வேறு வழியில் போகிறது. மேசையில் அசையாமல் படுத்திருக்கும்போது சில நிமிடங்களில் இரண்டு ஆற்றல் அளவுகளில் எக்ஸ்ரே உடம்பைக் கடக்கிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு, ஏறக்குறைய ஒரு நாளில் சுற்றுப்புறத்திலிருந்து இயற்கையாக நமக்குக் கிடைக்கும் அளவு. இருந்தாலும் கர்ப்பிணிகளுக்கு எடுப்பதில்லை. எலும்பில் கால்சியம் இருப்பதால் குறைந்த ஆற்றல் கதிரை அது மிகவும் உறிஞ்சும். நீர் நிறைந்த தசை கொஞ்சம் குறைவாக உறிஞ்சும். கொழுப்பு இன்னும் குறைவு. இரண்டு கதிர்களும் எந்த விகிதத்தில் தேய்ந்து வெளிவருகின்றன என்பதைப் புள்ளி புள்ளியாகப் பார்த்து, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. வயிறு, தொடை, கை எல்லாம் இதன் பார்வைக்குள் வருகின்றன. நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு எலும்புத் தாது 2.5 கிலோ, கொழுப்பு 22.4, மீதி 45.1 கிலோ என்று பிரித்துத் தருவது இப்படித்தான். அந்த 45.1 முழுவதும் தசை அல்ல. கல்லீரல், குடல், இரத்தம், குடித்த தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். தராசு காட்டும் தசை அளவோடு இதை ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டெக்ஸாவிலும் ஊகம் உண்டு. ஒரு புள்ளியில் இரண்டு அளவீடுகள் இருந்தால் இரண்டு பொருட்களைத்தான் பிரிக்க முடியும். எலும்பு இருக்கும் புள்ளியில் எலும்பையும் மென்திசுவையும் பிரிப்பதோடு அதன் திறன் தீர்ந்துவிடுகிறது. அந்த மென்திசுவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் நிரப்புகிறது. உடல் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான புள்ளிகளில் எலும்பு இருப்பதால் இது சிறிய விஷயம் அல்ல. ஆனாலும் அந்த ஊகம் அதே உடம்பின் பக்கத்துத் திசுவிலிருந்து வருகிறது. தராசின் ஊகம் முன்பின் தெரியாத வேறு மனிதர்களிடமிருந்து வருகிறது. இரண்டில் ஒன்றை நம்பச் சொன்னால் நான் டெக்ஸாவை நம்புவதற்கு இதுவே காரணம்.

இரண்டும் எப்படித் தவறுகின்றன என்று பார்க்க ஒரு லிட்டர் தண்ணீர் போதும். நம் மனிதர் ஒரு லிட்டர் குடித்துவிட்டு உடனே தராசில் ஏறுகிறார். எடை 71 ஆகிறது. தண்ணீர் வயிற்றில் இருக்கிறது, கால்களின் மின்தடை மாறவில்லை. சமன்பாட்டில் எடைக்குக் கிலோவுக்குக் கால் கிலோ என்ற பங்கு இருந்தால், கூடிய ஒரு கிலோவில் முக்கால் கிலோவைத் தராசு கொழுப்பில் எழுதிவிடும். 25 சதவீதம் 25.7 ஆகும். அதே நிலையில் டெக்ஸா எடுத்தால் தண்ணீரைக் கொழுப்பில்லாத திசுவாகக் கணக்கிடும். கொழுப்பு 22.4 கிலோவாகவே இருக்க, 32 சதவீதம் 31.5 ஆக இறங்கும். ஒரே தண்ணீர் ஒரு கருவியில் ஏற்றுகிறது, இன்னொன்றில் இறக்குகிறது.

தண்ணீர் குடிக்காமலேயே தராசு ஒரே நாளில் ஏறி இறங்கும். இரவு முழுவதும் படுத்திருந்துவிட்டு எழுந்ததும் கால்களில் நீர் குறைவாக இருக்கும், தடை கூடியிருக்கும், கொழுப்பு அதிகமாகத் தெரியும். நின்றும் நடந்தும் மாலை ஆகும்போது நீர் காலுக்கு இறங்கியிருக்கும், கொழுப்பு குறைந்ததுபோல் தெரியும். பாதத்தில் தடித்த தோல் இருந்தாலும், குளித்த ஈரத்தோடு நின்றாலும் எண் மாறும். அதனால் ஒரே நேரத்தில், சாப்பிடுவதற்கு முன், காய்ந்த பாதத்தோடு அளந்து, ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பார்ப்பதே பயன்படும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தத் தராசின் கொழுப்பு அளவீட்டைப் பயன்படுத்தவே கூடாது.

சரி, வித்தியாசம் ஏழு புள்ளி என்று தெரிந்துவிட்டதே, இனி தராசின் எண்ணோடு ஏழைக் கூட்டிக்கொண்டால் போதாதா? பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அது நிலைக்காது. நம் மனிதர் மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைத்து 65 கிலோவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெக்ஸாவில் நாலு கிலோ கொழுப்பும் ஒரு கிலோ மற்ற திசுவும் போயிருக்கின்றன. கொழுப்பு இப்போது 18.4 கிலோ, அதாவது 28.3 சதவீதம். போன கொழுப்பில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து போனதால் கால்களின் மின்தடை அதை முழுதாகக் காட்டவில்லை. தராசு மூன்று கிலோ கொழுப்பும் இரண்டு கிலோ தசையும் போனதாகக் கணக்கிட்டு, சுமார் 22 சதவீதம் என்கிறது. இடைவெளி இப்போது ஆறு புள்ளி. அதைவிடத் தொல்லை, இரண்டு கிலோ தசை போய்விட்டது என்று பயந்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த முயற்சியை அவர் நிறுத்திவிடலாம்.

முதல் வாரத்தில் வரும் பயம் வேறு வகை, அதில் இரண்டு கருவிகளுமே ஏமாறும். சோற்றைக் குறைத்ததும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைக்கோஜன் குறைகிறது. அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீரும் சேர்ந்து போகும்போது, தசை நார் ஒன்றும் கரையாமலே, தசை குறைந்ததாக இரண்டு அறிக்கைகளும் சொல்லும். முதல் டெக்ஸாவை உணவு முறை மாற்றிய சில நாட்களில் எடுப்பதைவிட, மாற்றுவதற்கு முன்போ, உடம்பு புதிய உணவுக்குப் பழகிய பின்போ எடுப்பது நல்லது.

டெக்ஸாவுக்குப் போகும்போது எலும்பு அடர்த்தி ஸ்கேன் என்று மட்டும் சொன்னால் இடுப்பையும் முதுகெலும்பையும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். முழு உடல், உடல் கூறு அறிக்கையோடு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அடுத்த முறையும் அதே மையத்தில், அதே கருவியில், அதே நேரத்தில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். அப்போதும் ஒரு கிலோவுக்குக் குறைவான கொழுப்பு மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது கருவியின் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஜிஇ நிறுவனத்தின் கருவியில் ஒரு முறையும் ஹோலாஜிக் கருவியில் மறுமுறையும் எடுத்தால், இடையில் உடம்பு மாறாவிட்டாலும் சதவீதம் சில புள்ளிகள் மாறி வரலாம். ஹோலாஜிக் கருவிகளில் அமெரிக்காவின் என்ஹேன்ஸ் ஆய்வை ஒட்டி உருவான ஒரு திருத்தம் இருக்கிறது. பழைய கணக்கு தசையைக் கூட்டிக் காட்டியதாகத் தெரிந்த பிறகு சேர்த்தது அது. அந்தத் திருத்தம் ஓர் அறிக்கையில் போட்டும் அடுத்ததில் போடாமலும் இருந்தால், ஒரே கருவியில் எடுத்த இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட முடியாது. கருவியின் பெயரும் மென்பொருள் பதிப்பும் அறிக்கையிலேயே அச்சாகியிருக்கும். இரண்டு தாள்களிலும் அவை ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் எண்களைக் கழித்துப் பார்க்க வேண்டும்.