கடலுக்குள் கதிரவன்: விலகுகோண விடையைச் சரிபார்த்தல்

அந்தமான் தீவுகளுள் ஒன்றான ஹேவ்லாக், 2018 ஆம் ஆண்டு இறுதியில் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்றது. அதன் மேற்குக் கரையில் ராதாநகர் கடற்கரை அமைந்துள்ளது. மாலையில் கதிரவன் மறைவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, அது தொடுவானிலிருந்து 30° உயரத்தில் நிற்கும். கரையில் இருப்பவர் அதனை அவ்வுயரத்திலேயே காண்பார். அதே வேளையில் அலையற்ற நீருக்குள் மூழ்கி மேல்நோக்கும் ஒருவருக்குக் கதிரவன் இன்னும் உயரத்தில் நிற்பதாகத் தோன்றும். எவ்வளவு உயரம் என்பதை ஸ்நெல் விதியைக் கொண்டு கணக்கிடலாம். கிடைத்த விடை சரிதானா என்று அறிவதற்கும் அதே விதி துணைசெய்யும்.

ஓர் ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணை, அவ்வூடகத்தில் கதிர் உண்டாக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால், இரண்டு ஊடகங்களிலும் ஒரே பெருக்குத்தொகை கிடைக்கும். இதுவே ஸ்நெல் விதி. காற்றின் ஒளிவிலகல் எண் 1.00 எனவும், கடல்நீரின் ஒளிவிலகல் எண் 1.34 எனவும் கொள்வோம்.

இங்கு முதலில் கவனிக்க வேண்டியது, கோணம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதாகும். படுகோணமும் விலகுகோணமும் நீர்ப்பரப்பிலிருந்து அளக்கப்படுவதில்லை. பரப்புக்கு வரையப்பெறும் செங்குத்துக் கோட்டிலிருந்தே அளக்கப்படும். கதிரவனின் உயரம் 30° எனின், படுகோணம் 90° - 30° = 60° ஆகும். இனிக் கணக்கு எளிது.

```
1.00 × sin 60° = 1.34 × sin r
sin r = 0.866 ÷ 1.34 = 0.646
r = 40.3°
```

நீருக்குள் கதிர் செங்குத்துக் கோட்டுக்கு 40.3° சாய்வில் இறங்குகிறது. ஆகவே நீருக்குள் இருப்பவர் கதிரவனை ஏறத்தாழ 50° உயரத்தில் காண்பார்.

இவ்விடையைச் சோதிக்கும் முதல் வழி, பெரிய கோணம் எந்த ஊடகத்தில் அமைய வேண்டும் என்று கேட்பதாகும். இரண்டு பெருக்குத்தொகைகளும் சமம்; எனவே ஒளிவிலகல் எண் சிறியதாக உள்ள பக்கத்தில் சைன் மதிப்பு பெரியதாக இருந்தே தீர வேண்டும். 0° முதல் 90° வரை கோணம் கூடக்கூட அதன் சைன் மதிப்பும் கூடும். ஆகையால் பெரிய கோணம் எப்போதும் ஒளிவிலகல் எண் குறைந்த ஊடகத்திலேயே அமையும். காற்றில் 60°, நீரில் 40.3° என்னும் விடை இதற்குப் பொருந்துகிறது. ஒளி காற்றிலிருந்து நீருக்குச் சென்றாலும் நீரிலிருந்து காற்றுக்கு வந்தாலும், பெரிய கோணம் காற்றிலேயே இருக்கும். செல்லும் திசை இதனை மாற்றாது. 'படுகோணமே பெரியது' என்று மனப்பாடம் செய்தவர் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

அடர்மிகு ஊடகம் என்னும் சொல்லும் சிலரை மயக்கும். இங்குக் கருதப்படுவது எடையைச் சார்ந்த அடர்த்தியன்று. தேங்காய் எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். எனினும் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, அதாவது நீரினும் மிகுதி. நீரின்மேல் எண்ணெய் படர்ந்திருக்கும்போது, சிறிய கோணம் மேலே எண்ணெயிலும் பெரிய கோணம் கீழே நீரிலும் அமையும்.

ஊடகச் சோதனை விரைவானது. ஆனால் அது எல்லாப் பிழைகளையும் பிடிக்காது. சைன் மதிப்பை வகுக்காமல் கோணத்தையே 1.34 ஆல் வகுத்துவிட்ட ஒரு மாணவருக்கு 60 ÷ 1.34 = 44.8° என்னும் விடை கிடைக்கும். இதுவும் 60° ஐ விடச் சிறியதே. ஊடகச் சோதனையில் தேறிவிடும். ஆகவே இரண்டாவது சோதனை தேவை: விடையை விதியில் மீண்டும் இட்டுப் பார்த்தல்.

```
1.34 × sin 40.3° = 0.867
1.34 × sin 44.8° = 0.944
```

கிடைக்க வேண்டியது 0.866. முதலாவதில் உள்ள சிறு வேறுபாடு, கோணத்தை ஒரு தசம இடத்திற்குத் திருத்தியதால் நேர்ந்தது, அது பொருட்டன்று. இரண்டாவது வெகுவாக விலகி நிற்கிறது. எனவே அவ்விடை தவறு.

வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியவரின் நிலை வேறு. அவருக்கு sin r = 1.34 × 0.866 = 1.16 என வரும். எந்தக் கோணத்தின் சைன் மதிப்பும் 1 ஐ விஞ்சாது. ஆகவே கணிப்பான் பிழை என்று காட்டும். இது நற்பேறு எனலாம். படுகோணம் 40° ஆக இருந்தால் இந்த எச்சரிக்கை வராது, 1.34 × 0.643 = 0.862 என்று வந்து, 59.5° என்னும் விடை அமைதியாகத் திரையில் தோன்றும். நீரில் 59.5°, காற்றில் 40° என்பதைக் கண்டவுடன், பெரிய கோணம் தவறான பக்கத்தில் இருப்பதை ஊடகச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

கணிப்பான் காட்டும் பிழை எப்போதும் மாணவரின் பிழையன்று. நீருக்குள் இருப்பவர் தம் கைவிளக்கின் ஒளியைச் செங்குத்துக் கோட்டுக்கு 50° சாய்வில் மேல்நோக்கிச் செலுத்துகிறார் எனக் கொள்வோம். 1.34 × sin 50° = 1.03. காற்றில் இதற்கு ஈடான கோணம் இல்லை. ஒளி வெளியேறாமல் நீருக்குள்ளேயே திரும்பும். இதுவே முழு அக எதிரொளிப்பு. நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் கணக்கில் 1 ஐ விஞ்சிய மதிப்பு உண்மையான விடையாக இருக்கக்கூடும். காற்றிலிருந்து நீருக்குச் செல்லும் கணக்கில் அது ஒருபோதும் வராது. வந்தால் எண்களை இடம் மாற்றி இட்டிருக்கிறோம் என்பது உறுதி.

இன்னொரு பிழையை மேற்கண்ட இரண்டு சோதனைகளும் பிடிக்கமாட்டா. கதிரவனின் உயரமான 30° ஐயே படுகோணமாகக் கொண்டால் 21.9° என்னும் விடை வரும். அது 30° ஐ விடச் சிறியது, விதியிலும் பொருந்தும். பிழை கணக்கில் இல்லை, வினாவைப் படித்த முறையில் இருக்கிறது. செங்குத்துக் கோட்டை வரைந்து படம் போட்டவர் மட்டுமே இதிலிருந்து தப்புவர். அலையுள்ள கடலில் நீர்ப்பரப்பு சாயும்போது செங்குத்துக் கோடும் உடன் சாயும். நமது கணக்கு அமைதியான நீருக்கே பொருந்தும்.

இச்சோதனைகளைப் பழைய அட்டவணை ஒன்றில் செய்து பார்க்கலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, காற்றிலிருந்து நீருக்குச் செல்லும் கதிரின் கோணங்களை அட்டவணைப்படுத்தினார். சைன் விதி அவருக்குத் தெரியாது. 60° க்கு அவர் தந்த விலகுகோணம் 40.5°. நன்னீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் இது மிகத் துல்லியமான மதிப்பே. 80° க்கு அவர் தந்தது 50°. காற்றில் கோணம் மிகப் பெரிதாக, அதாவது 90° ஆகவே இருந்தாலும், நன்னீருக்குள் விலகுகோணம் ஏறத்தாழ 48.8° ஐத் தாண்டாது. எனவே தாலமியின் 50° பெரிய கோணம் காற்றில் இருக்க வேண்டும் என்னும் சோதனையில் தேறினாலும், நீரில் அமையவே முடியாத கோணம். அவருடைய எண்களுக்கிடையிலான வேறுபாடுகள் ஒரே சீராகக் குறைந்துவருவதைக் கொண்டு, அவ்வெண்களுள் சில அளக்கப்படாமல் ஒழுங்குக்காக நிரப்பப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.