வெட்டு தெரியாமல் வெட்டுவது

கேமராவைப் பார்த்து ஒருவர் பேசும் காணொளியில், யோசனைக்காக விட்ட மௌனங்களையும் "ம்ம்", "அதாவது" போன்ற இழுவைகளையும் நீக்குவது எளிது. நீக்கிய தடம் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். பெரும்பாலும் வெட்டைக் காட்டிக்கொடுப்பது படம் அல்ல, ஒலி. அதனால் எடிட்டர்கள் முதலில் காதால்தான் வெட்டுகிறார்கள்.

சமையல் காணொளி ஒன்றில் இப்படி ஒரு வரி வருவதாகக் கொள்வோம்: "மாவை வந்து... ம்ம்... ராத்திரியே கரைச்சு வச்சிடணும்." "வந்து"வுக்கும் "ராத்திரியே"வுக்கும் நடுவில் இரண்டரை விநாடி. அதை முழுவதும் எடுத்துவிட்டால் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதும். பேசுபவர் மூச்சே விடாதவர்போலத் தோன்றும். ஒலி அலையை விரித்துப் பார்த்தால், "ராத்திரியே"வுக்குச் சற்று முன்னால் மெல்லிய மேடு ஒன்று இருக்கும். அது அவர் இழுத்த மூச்சு. வெட்டு அந்த மூச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பாதி மூச்சில் விழுந்தால் விக்கல்போல ஒலிக்கும். "வந்து" அடங்குவதற்கும் மூன்று நான்கு ஃபிரேம் விட வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், எல்லாம் சேர்ந்து பத்து ஃபிரேம் இடைவெளி மிஞ்சினால் பேச்சு இயல்பாக ஓடும்.

"வந்து"வையும் எடுக்கலாமா? தமிழில் இது அடிக்கடி வரும் சிக்கல். வேகமாகப் பேசுகையில் "மாவைவந்து" என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். அலையில் இடைவெளியே இருக்காது. அங்கே கத்தி வைத்தால் "மாவை"யின் வால் அறுந்துவிடும். ஒட்டியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது. ஒரு "வந்து" யாரையும் உறுத்தாது, அறுந்த சொல் உறுத்தும்.

ஒவ்வொரு ஒட்டிலும் ஒலியை ஓரிரு ஃபிரேமுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரையவிட்டால் 'டிக்' சத்தம் வராது. இடைவெளி வேண்டும், "ம்ம்" மட்டும் வேண்டாம் என்ற இடத்தில் அதை ஊமையாக்கினால், பின்னணியில் ஓடும் மின்விசிறியின் இரைச்சலும் சட்டென்று நின்று திரும்ப வரும். அதற்காகவே படப்பிடிப்பின்போது, யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிந்து வைப்பார்கள்; ஓட்டையை அதை வைத்து அடைக்கலாம்.

அடுத்து படம். வெட்டிய இடத்தில் தலை துள்ளும். மாவுப் பாத்திரத்தின் காட்சி ஒன்றை அதன்மேல் போட்டால் துள்ளல் மறைந்துவிடும். வேறு காட்சி இல்லையென்றால், வெட்டுக்குப் பிந்தைய துண்டைப் பதினைந்து இருபது சதவீதம் பெரிதாக்கி, கண்களை முன்பிருந்த உயரத்திலேயே நிறுத்தலாம். 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிட்டால் தெளிவு குறையாது. மூன்று நான்கு சதவீதம் மட்டும் பெரிதாக்கினால் அது வேண்டுமென்று செய்ததாகத் தெரியாது, பிழையாகத்தான் தெரியும். ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படிச் செய்தாலும் சலிப்பு. பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவும் இடமே இதற்குத் தோது.

மௌனங்களைத் தானாகவே வெட்டும் வசதிகள் எல்லா இடைவெளியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பாடம் ஒப்பிப்பதுபோல ஆகிவிடும். "உப்பு மட்டும்... இப்போ போடக் கூடாது" என்ற வரியில் அந்த மௌனம்தான் எச்சரிக்கை. அதைக் கையால் திரும்ப நீட்டிவிட வேண்டியிருக்கும்.

முடித்த பின் ஒருமுறை கண்ணை மூடிக் கேட்பதும், ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதும் வழக்கம். கண்ணை மூடியிருக்கும்போதே பிடிபடும் வெட்டை, எவ்வளவு பெரிதாக்கினாலும் படத்தால் மறைக்க முடியாது. அந்த ஒட்டுக்கே திரும்பிப் போய் இரண்டு மூன்று ஃபிரேம் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும்.