‘எப்போதும்’ என்று எழுதாதீர்கள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மெர்ச்சன்டைசர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெளிநாட்டு பையருக்கு ஒரு ஸ்டேட்டஸ் ஷீட் அனுப்புவார். எந்த ஸ்டைலுக்குத் துணி வந்துவிட்டது, எது தையலில் இருக்கிறது, எது எப்போது கப்பல் ஏறும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு வாரம் தொடர்ந்து அதில் ஒரு வரி தவறாகப் போய்விட்டது. மேலாளர் கோபத்தோடு உட்கார்ந்து எழுதுகிறார்:

“உங்கள் ஷீட்டில் எப்போதும் தப்பு இருக்கிறது. பலமுறை சொல்லியும் அக்கறை இல்லை. இனி இப்படி நடக்கக் கூடாது.”

எந்த ஷீட், எந்த வரி, இனி என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் இதில் இல்லை. போதாக்குறைக்கு ‘எப்போதும்’ என்பது உண்மையும் இல்லை. படிப்பவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். ஷீட் சரியாகப் போன வாரங்களை எண்ண ஆரம்பிப்பார். பேச வேண்டிய தவறு அங்கேயே காணாமல் போய்விடும்.

‘அக்கறை இல்லை’ என்பது அதைவிட மோசம். மேலாளர் கண்ணால் பார்த்தது தவறான ஒரு வரியை மட்டும்தான். அக்கறையின்மை அவராக ஊகித்தது. அடுத்தவர் தவறினால், அவருடைய சூழ்நிலையைப் பார்க்காமல் அவர் குணத்தையே காரணம் சொல்வோம். இந்தச் சாய்வுக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977இல் ஒரு பெயரே வைத்தார்.

நேரில் சொன்னால் குரலும் முகமும் கொஞ்சம் சமாளிக்கும். மெயிலில் அந்த வசதி இல்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். எழுதியவர்கள், தாங்கள் கிண்டலாகச் சொல்கிறோமா உண்மையாகச் சொல்கிறோமா என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று நம்பினார்கள். படித்தவர்களோ, காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் சரியாகச் சொல்லியிருப்பார்கள். நம் அலுவலகங்களில் மெயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகிறது. ‘டெஸ்பைட் ரிபீட்டட் ரிமைண்டர்ஸ்’ என்று பழக்கதோஷத்தில் தட்டிவிடுகிறோம்; படிப்பவருக்கு அது மெமோ மாதிரி இருக்கிறது.

எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. காரணத்தை விசாரிக்க வேண்டும். போனில் கேட்டால் சாயப்பட்டறைக்காரர் “வண்டி ஏத்தியாச்சு” என்பார். வண்டி கிளம்பியே இருக்காது. மெர்ச்சன்டைசர் அந்தப் பேச்சை நம்பி எழுதியிருந்தால், அது வேறு வகைத் தவறு. அதற்கான தீர்வும் வேறு. அதே மெயிலை இப்படி எழுதலாம்:

“வணக்கம். மே 6, 13 தேதிகளில் போன ஷீட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். இரண்டிலும் நேவி கலர் துணி வந்துவிட்டதாக இருந்தது. அது ஸ்டோருக்கு வந்தது 15ஆம் தேதிதான். ஷீட்டை நம்பி பையர் 16ஆம் தேதிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வைத்துவிட்டார். நான் பேசித் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. சாயப்பட்டறையில் உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, சொல்லுங்கள். அடுத்த வாரத்திலிருந்து, துணி வந்தது என்று போடும்போது ஸ்டோரின் ஜி.ஆர்.என். நம்பரையும் பக்கத்தில் குறிக்க முடியுமா? நாளை காலை 11 மணிக்குப் பத்து நிமிடம் பேசுவோம்.”

தேதி, நடந்தது, அதனால் வந்த விளைவு, ஒரு கேள்வி, ஒரு மாற்றம். இதில் அவர் குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘நீங்கள் அருமையாக வேலை செய்கிறீர்கள், ஆனால்...’ என்று ஆரம்பிக்கவும் இல்லை. அந்த ‘ஆனால்’ எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்னால் வரும் புகழ்ச்சியை யாரும் நம்புவதில்லை. கனிவு இங்கே வேறு இடத்தில் இருக்கிறது: அவர் தரப்பைக் கேட்பதிலும், செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்வதிலும்.

இன்னொன்று சிசி. முதலாளியை சிசியில் சேர்த்த மறுகணமே மெயில் புகார் மனு ஆகிவிடுகிறது. அதன் பிறகு அவர் எழுதும் பதில் உங்களுக்கானது அல்ல, முதலாளிக்கானது. முதல் மெயில் அவருக்கு மட்டும் போகட்டும்.

மெயிலுக்குள் அடங்காதவையும் உண்டு. வேலை போகும் அளவுக்குப் பெரிய விஷயம், வீட்டுப் பிரச்சினையோ உடல்நலமோ பின்னால் இருப்பதாகத் தோன்றுவது, இரண்டு முறை எழுதியும் மாறாதது ஆகியவற்றை நேரிலோ போனிலோ பேச வேண்டும். பேசி முடித்த பிறகு, முடிவானதை மட்டும் மெயிலில் போடலாம்.

மெயில் எடுபட்டதா என்பதைப் பதிலே சொல்லிவிடும். “சாரி சார், இனி நடக்காது” என்று மட்டும் வந்தால், அவர் பயந்திருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த செவ்வாயும் அதே தவறு வரலாம். “ஜி.ஆர்.என். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் சார் போடறாங்க, ஷீட்டை புதன்கிழமை அனுப்பலாமா?” என்று வந்தால் எடுபட்டிருக்கிறது. அப்படிக் கேட்டால் புதன்கிழமைக்கு மாற்றிக் கொடுங்கள்.